முதல் ரியூசன் வகுப்புக்கு எவ்வளவு கேட்பது? திருகோணமலையில் வீடு தேடிப் போய்ப் படிப்பிப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஏ.எல். எழுதி முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்கள், கம்பஸ் லீவில் வந்து நிற்பவர்கள், பட்டம் முடித்து நியமனம் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்று பலர் எங்கள் ஊரில் ரியூசனோடுதான் உழைக்கத் தொடங்குகிறார்கள். பாடம் அவர்களுக்கு வடிவாகத் தெரியும். தடுமாறுவது ஒரே ஓர் இடத்தில். போன் எடுத்த தாய் "மணித்தியாலத்துக்கு எவ்வளவு எடுப்பீங்க மிஸ்?" என்று கேட்டதும் வாயில் வந்த தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை ஓ.எல். எழுதி முடிக்கும்வரை அந்தத் தொகையை மாற்றுவது கடினம். மூன்றாம் மாதத்தில் களைப்பு வருகிறது. பிறகு வகுப்பு நின்றுபோகிறது, பிள்ளையும் நடுவழியில் நிற்கிறது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஓர் உதாரணத்தை வைத்துப் போகிறது. உவர்மலையில் இருக்கும் ஓர் ஆசிரியை, உப்புவெளியில் உள்ள தரம் 10 பிள்ளைக்குக் கிழமைக்கு ஒரு தடவை, ஒரு மணித்தியாலம், தமிழ் மொழிமூலக் கணிதம் சொல்லிக்கொடுக்கப் போகிறார். ஸ்கூட்டியில் போகத் தூரம் ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர். கீழே வரும் ரூபாக் கணக்குகள் முறையைக் காட்டுவதற்காக நான் வைத்தவை. உங்கள் பெற்றோல் விலையையும் தூரத்தையும் போட்டுத் திரும்பக் கணக்குப் பாருங்கள்.

தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சிறிய கொப்பி, மணிக்கூடு, கல்குலேற்றர். கொப்பியில் ஒரு பக்கத்தை இந்தப் பிள்ளைக்கென்றே ஒதுக்குங்கள். ஸ்கூட்டி ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று தெரியாவிட்டால், ராங்கை நிரப்பி, மீற்றரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை நிரப்பும்போது பாருங்கள். இதை விளம்பரம் போட முன்பே செய்து வையுங்கள். அழைப்பு வந்த பிறகு இதற்கெல்லாம் பொறுமை இருக்காது.

1. தொகையைச் சொல்ல முன் ஐந்து கேள்வி கேளுங்கள்

போனில் கேட்ட உடனே விலை சொல்லக்கூடாது. வீடு எங்கே, பிள்ளை எந்தத் தரம், எந்த மொழிமூலம், கிழமையில் எந்த நாள் எத்தனை மணிக்கு, ஒரு பிள்ளையா கூட ஆட்கள் இருக்கிறார்களா என்ற ஐந்தும் தெரியாமல் உங்களுக்கே உங்கள் விலை தெரியாது. உவர்மலையிலிருந்து பாலையூற்றுக்குப் போவதும் நிலாவெளிக்குப் போவதும் ஒன்றல்ல. நான்கு மணி வகுப்பும் ஏழு மணி வகுப்பும் ஒன்றல்ல, ஏழு மணிக்குப் போனால் அந்தப் பின்னேரம் முழுவதும் அதற்கே போய்விடும். முஸ்லிம் வீடாக இருந்தால் நோன்பு மாதத்தில் நேரம் மாறும். அதையும் இப்போதே கதைத்துக்கொள்வது நல்லது.

பதிலை இப்படிச் சொல்லலாம்: "அன்ரி, நான் முதல்ல ஒருக்கா வந்து பிள்ளையின்ட கொப்பியைப் பாக்கிறன். எங்க விடுபட்டிருக்கு எண்டு தெரிஞ்சாத்தான் சரியாச் சொல்லேலும். அண்டைக்கே தொகையையும் சொல்லிர்றன்." இதை யாரும் பிழையாக எடுப்பதில்லை. கொப்பியைப் பார்க்கக் கேட்கும் ஆசிரியரில் பெற்றோருக்கு நம்பிக்கைதான் கூடும்.

இந்த இடத்தில் புதியவர்கள் விடும் பெரிய பிழை, "நீங்க பாத்துத் தாங்கோ" என்பது. மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை என்று நினைக்கிறார்கள். ஆனால் கேட்பவருக்கு அது சங்கடம். பக்கத்து வீட்டில் யாரோ எப்போதோ கொடுத்த தொகையை விசாரித்து, அதையே கொண்டுவந்து தருவார். அது குறைவென்று பிறகு சொல்ல உங்களுக்கு வாய் வராது.

2. பிள்ளையின் கொப்பியைப் பாருங்கள்

முதல் சந்திப்பு இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும். அதற்குக் காசு வாங்க வேண்டாம். ஆனால் முழு வகுப்பையும் இலவசமாக எடுத்துக் காட்டவும் வேண்டாம். பத்துச் சிறு கணக்கு எழுதிக்கொண்டு போங்கள்: இரண்டு திசைகொண்ட எண்களில், இரண்டு பின்னத்தில், மூன்று அட்சரகணிதக் கோவைகளைச் சுருக்குவதில், மூன்று தரம் 10 பாடத்தில்.

விடை சரியா பிழையா என்பதைவிட, பிள்ளை எந்த வரியில் தடுக்கி விழுகிறது என்பதைப் பாருங்கள். காரணிப்படுத்தத் தெரியவில்லை என்று வீட்டார் சொல்வார்கள். கொப்பியைப் பார்த்தால் முறை சரியாக இருக்கும், மறை மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்கும் இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் விடை உடைந்திருக்கும். அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது தரம் 7 பாடம். அதற்கு நீங்கள் புதிதாகப் பயிற்சித் தாள் எழுத வேண்டும். கையிலிருக்கும் பாஸ் பேப்பர் உதவாது.

விலைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. ஆயத்த நேரத்தைத் தீர்மானிப்பது பிள்ளையின் தரம் அல்ல, விடுபட்ட இடைவெளி. நேராகப் பாடத்தோடு போகும் பிள்ளைக்குக் கிழமைக்கு 30 நிமிட ஆயத்தம் போதும். மூன்று தரம் பின்னால் நிற்கும் பிள்ளைக்கு முதல் சில மாதம் 50 நிமிடம் தேவைப்படும். எங்கள் உதாரணப் பிள்ளைக்கு 30 நிமிடம் என்று வைக்கிறேன்.

3. வகுப்பை மட்டுமல்ல, முழுச் சுற்றையும் அளவிடுங்கள்

புதியவர்களின் கணக்கில் ஒரு மணித்தியாலம் என்பது பிள்ளையின் முன் இருக்கும் அறுபது நிமிடம் மட்டுமே. ஆனால் வீட்டுப் படியிறங்கியதிலிருந்து திரும்பி வந்து ஹெல்மெற்றைக் கழற்றும்வரை உங்கள் நேரம் அந்தப் பிள்ளைக்குத்தான் போகிறது. அதற்கு முன்பும் பின்பும் மேசையில் செய்யும் வேலை வேறு. இதையெல்லாம் சேர்த்து நான் ஒரு சுற்று என்பேன். விலை போட வேண்டியது சுற்றுக்குத்தான்.

எங்கள் உதாரணத்தில் ஒரு சுற்று இப்படி வருகிறது:

வகுப்பு: 60 நிமிடம்
போகவர: 40 நிமிடம்
வாசலில், பிள்ளை வந்து இருக்கும்வரை காத்திருப்பு: 10 நிமிடம்
ஆயத்தம்: 30 நிமிடம்
திருத்துவதும் தாய்க்கு வட்ஸ்அப்பில் நாலு வரி போடுவதும்: 20 நிமிடம்
மொத்தம்: 160 நிமிடம், அதாவது 2 மணித்தியாலம் 40 நிமிடம்

காத்திருக்கும் பத்து நிமிடத்தைப் பலர் சேர்ப்பதில்லை. நீங்கள் போய் நிற்கும்போது பிள்ளை முகம் கழுவிக்கொண்டு நிற்கும், அம்மா தேத்தண்ணி கொண்டுவருவார், தம்பி மேசையிலிருந்து எழும்ப மாட்டான். நல்ல வீடுகளிலும் இது நடக்கும். கணக்கில் சேர்த்துவிட்டால் மனதில் எரிச்சல் இராது.

போகும் பாதையை, வகுப்பு நடக்கப்போகும் அதே நாள், அதே நேரத்தில் ஒரு தடவை ஓடிப் பாருங்கள். காலையில் பன்னிரண்டு நிமிடத்தில் போன நிலாவெளி வீதி, பாடசாலை விடும் நேரத்தில் அப்படி இருக்காது.

பஸ்ஸில் போகிறவர்கள் செலவு குறைவென்று நினைத்து விலையைக் குறைத்துச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். இங்கே காசு குறைந்தாலும் நேரம் கூடுகிறது. பஸ்ஸுக்கு நிற்பதையும் இறங்கி நடப்பதையும் சேர்த்தால், இதே பயணம் 40 நிமிடத்திலிருந்து 100 நிமிடமாகக்கூடும். மிச்சம் பிடிக்கும் சொற்பக் காசை விட, போகும் ஒரு மணித்தியாலத்தின் பெறுமதி அதிகம்.

4. கைக்காசை எழுதுங்கள்

இது சின்ன வேலை. போகவர 12 கிலோமீற்றர், ஸ்கூட்டி லீற்றருக்கு 40 ஓடும், பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 90 ரூபா. ரயர், ஒயில், சேர்விஸ் என்று கிலோமீற்றருக்கு 5 ரூபா வீதம் 60. போட்டோகொப்பி ஆறு பக்கம், பக்கம் 10 ரூபாப்படி 60. டேட்டா 20. மொத்தம் 230 ரூபா.

தேய்மானத்தை விட்டுவிட வேண்டாம். அது ஒவ்வொரு கிழமையும் கண்ணுக்குத் தெரியாது. ரயர் மாற்றும் மாதத்தில் ஒரேயடியாக வந்து நிற்கும், அந்த மாத ரியூசன் காசு அதற்கே போய்விடும்.

5. உங்கள் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தொகை வையுங்கள்

எல்லாரும் திணறும் இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

வேறு என்ன வேலை உங்களுக்குக் கிடைக்கக்கூடும் என்று யோசியுங்கள். ரவுணில் ஒரு கடையில் கணக்கெழுத மாதம் 40,000 ரூபா தருகிறார்கள், மாதம் 200 மணித்தியாலம் வேலை என்று வைப்போம். மணித்தியாலத்துக்கு 200 ரூபா. அப்படியானால் ரியூசனுக்கும் 200 வைத்தால் சரிதானே என்று தோன்றும். சரியில்லை. கடையில் எட்டு மணித்தியாலம் தொடர்ந்து வேலை இருக்கும். ரியூசனில் பிள்ளைகள் கையில் கிடைப்பது பாடசாலை விட்டு, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்தெழும்பிய பிறகுதான். மூன்றரையிலிருந்து ஏழரை வரை நான்கு மணித்தியாலத்தில், வீடு வீடாகப் போகிறவர் இரண்டு வீட்டுக்கு மேல் பார்க்க முடியாது. கிழமையில் ஐந்து நாள் என்றால் பத்துச் சுற்று. அதுதான் உங்கள் உச்சம்.

பத்துச் சுற்றுக்கு ஏறத்தாழ 27 மணித்தியாலம் போகிறது. மணித்தியாலத்துக்கு 200 வைத்தால், எல்லா இடமும் நிரம்பிய நல்ல மாதத்திலும் நாலு கிழமைக்கு 21,000 சொச்சம்தான் கையில் நிற்கும். 350 வைத்தால் 37,000 சொச்சம் வரும், கடைச் சம்பளத்துக்குக் கிட்ட. ஆகவே இந்த உதாரணத்தில் 350 என்று வைக்கிறேன். நீங்கள் கம்பஸ் லீவில் மட்டும் படிப்பிப்பவராக இருந்தால், ரியூசனை நம்பி வீடு நடக்கவில்லை என்றால், இதைவிடக் குறைய வைக்கலாம். அது உங்கள் விருப்பம். ஆனால் குறைக்கிறேன் என்று தெரிந்து குறையுங்கள்.

6. கூட்டிப் பாருங்கள்

160 நிமிடத்துக்கு, மணித்தியாலம் 350 வீதம் 933 ரூபா. கைக்காசு 230. இரண்டும் சேர்த்து 1,163 ரூபா.

இதையே மறுபக்கமாகவும் பார்க்கலாம். யாரோ சொன்னார்கள் என்று 500 ரூபாவுக்கு ஒப்புக்கொண்டிருந்தால், கைக்காசு போக மிஞ்சுவது 270. அதை 2 மணித்தியாலம் 40 நிமிடத்துக்குப் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 101 ரூபா. 800 ரூபா வாங்கினாலும் 214 தான் வருகிறது. களைப்பு எங்கிருந்து வருகிறதென்று இந்த ஒரு வகுத்தலில் தெரிந்துவிடும்.

7. வீணாகும் பயணத்தைச் சேருங்கள்

நீங்கள் போய் நிற்கும்போது வீடு பூட்டிக் கிடக்கும் நாட்கள் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், கோயில் திருவிழா, திடீரென்று வந்த விருந்து. மாரியில் கேட்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை ஓயாமல் பெய்யும் கிழமைகளில் பாதிவழியில் திரும்பவும் நேரும்.

முன்கூட்டியே அறிவித்து நிற்கும் வகுப்பால் பெரிய நட்டம் இல்லை. ஆயத்தம் செய்த தாள் அடுத்த கிழமைக்கு உதவும். நட்டம், போய்த் திரும்பும் சுற்றில்தான். பயணமும் காத்திருப்பும் 50 நிமிடம், அதற்கு 292 ரூபா. பெற்றோலும் தேய்மானமும் 150. ஆக 442 ரூபா. எட்டுக்கு ஒன்று இப்படிப் போகும் என்று வைத்து, மற்ற ஏழு வகுப்பிலும் பகிர்ந்தால் வகுப்புக்கு 63 ரூபா.

1,163 உடன் 63 சேர்த்தால் 1,226. சொல்ல வசதியாக 1,250 ரூபா. மேலே உள்ள 24 ரூபா, கணக்கில் எழுதாமல் விட்ட பேனை, மாக்கருக்கு.

பிள்ளை இரவில் கணக்கைப் படம் பிடித்து அனுப்பிக் கேட்பதையும் இங்கே நினைவில் வையுங்கள். பத்து மணிக்கு ஒரு படம் வரும், எந்த வரியில் பிழை என்று பார்த்து, வெள்ளைத் தாளில் செய்து, திரும்பப் படம் எடுத்து அனுப்பக் கால் மணித்தியாலம் போகும். கிழமைக்கு மூன்று கேள்வி வந்தால் 45 நிமிடம். நான் சொல்வது, கேள்விகளைச் சேர்த்து வைத்து வகுப்பில் முதல் பத்து நிமிடத்தில் கேட்கச் சொல்லுங்கள். சோதனைக்கு முந்திய கிழமை மட்டும் இதற்கு விலக்கு. பிள்ளை பயந்துபோய் இருக்கும் நேரம் அது.

8. தொகை கூடினால், சுற்றை மாற்றுங்கள்

1,250 என்றதும் சில வீடுகளில் முகம் மாறும். அது பேரம் என்று எடுக்க வேண்டாம். கடலுக்குப் போகும் வீட்டிலும் நாள்கூலிக்குப் போகும் வீட்டிலும் கிழமைக்கு 1,250 உண்மையிலேயே பெரிய காசு. அந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்க மனமிருந்தால், தொகையில் கத்தி வைக்காதீர்கள், சுற்றின் வடிவத்தை மாற்றுங்கள். மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, பிள்ளை உங்கள் வீட்டுக்கு வருவது. பயணமும் காத்திருப்பும் இல்லை. 110 நிமிடம்தான் போகிறது, அதற்கு 642 ரூபா. போட்டோகொப்பி, டேட்டா 80. மொத்தம் 722. ஆகவே 750 ரூபாவுக்குச் செய்யலாம், உங்கள் மணித்தியால வரும்படியில் ஒரு சதமும் குறையாது. பெண்பிள்ளையாக இருந்தால், இருட்ட முன் வகுப்பு முடிய வேண்டும் என்பதையும் யார் கூட்டிக்கொண்டு போவார் என்பதையும் பேசி வையுங்கள்.

இரண்டாவது, அதே தரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்ப்பது. பயணம் அதேதான், ஆயத்தமும் அதேதான். திருத்தல் 20 நிமிடம் கூடும், போட்டோகொப்பிக்கு இன்னும் 60 ரூபா. 180 நிமிடத்துக்கு 1,050, கைக்காசு 290, வீண்பயணம் 63, ஆக 1,403. இரண்டு வீடும் 700 வீதம் தரலாம். இரண்டு பிள்ளையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒருவர் பின்னத்திலும் மற்றவர் திரிகோண கணிதத்திலும் நின்றால் அது இரண்டு வகுப்பு. அதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

மூன்றாவது, ஒரே பயணத்தில் இரண்டு மணித்தியாலம். வகுப்பு 60 நிமிடம் கூடும், ஆயத்தம் 20, திருத்தல் 10. 250 நிமிடத்துக்கு 1,458, போட்டோகொப்பி கூட எடுப்பதால் கைக்காசு 260, வீண்பயணம் 63, மொத்தம் 1,781. 1,800 என்று சொல்லலாம். மணித்தியாலத்துக்கு 900 தான் வருகிறது. ஓ.எல். எழுதப்போகும் பிள்ளை நடுவில் பத்து நிமிட இடைவேளையோடு இரண்டு மணித்தியாலம் இருக்கும். தரம் 6, 7 பிள்ளைகளோடு இதை முயல வேண்டாம். ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு அவர்கள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்ப்பார்கள்.

உப்புவெளியில் அதே பின்னேரம் வேறு ஒரு வீடும் கிடைத்தால் பயணச் செலவு இரண்டாகப் பிரியும். அதை வைத்து முதல் வீட்டுக்குக் குறைத்துச் சொல்லாதீர்கள். இரண்டாவது வீடு ஒருநாள் நின்றுபோகும், முதல் வீட்டுக்குச் சொன்ன குறைந்த தொகை நிற்காது.

9. தொகையை எப்படிச் சொல்வது

கொப்பியைப் பார்த்த அன்றே, பிள்ளை எழும்பிப் போன பிறகு, தாயிடமோ தகப்பனிடமோ நேரே சொல்லுங்கள். முதலில் கண்டதைச் சொல்லி, பிறகு வேலையைச் சொல்லி, கடைசியில் தொகை.

"மகனுக்குக் காரணிப்படுத்துற முறை தெரியுது அன்ரி. சய, சக குறியிலதான் பிழை விடுறார். முதல் ரெண்டு கிழமை அதைத் திருத்திட்டுப் பாடத்தோட போறன். வீட்ட வந்து ஒரு மணித்தியாலம் எடுக்க 1,250. பக்கத்துல அதே தரத்துல ஆரும் இருந்தா சேத்து எடுக்கலாம், அப்ப 700 தந்தாப் போதும்."

சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர்கள் யோசிக்கட்டும். அந்த இரண்டு நிமிட மௌனம் தாங்காமல் "இல்லாட்டி ஆயிரம் தாங்கோ" என்று தாங்களே குறைத்துவிடுகிறார்கள் புதியவர்கள். யாரும் கேட்கவில்லை. எதிரில் இருந்தவர் மனதுக்குள் மாதக் கணக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொந்தக்காரப் பிள்ளைக்கு என்ன செய்வது என்பது எங்கள் ஊரில் தவிர்க்க முடியாத கேள்வி. காசு வாங்காமல் செய்ய விரும்பினால் காசு வாங்காமலே செய்யுங்கள், ஆனால் பிள்ளை உங்கள் வீட்டுக்கு வரட்டும். வாங்குவதென்றால் முழுத் தொகை. பாதித் தொகையில்தான் மனக்கசப்பு வருகிறது: தருபவர் காசு தந்தோம் என்று நினைப்பார், வாங்குபவர் உதவி செய்தோம் என்று நினைப்பார்.

10. மாதம் என்று வாங்காமல், நாலு வகுப்பு என்று வாங்குங்கள்

மாதக் கட்டணம் வழக்கமான முறைதான், ஆனால் வீட்டு வகுப்புக்குப் பொருந்தாது. சில மாதத்தில் ஐந்து சனிக்கிழமை வரும். சித்திரைப் புத்தாண்டு மாதத்தில் இரண்டு வகுப்புத்தான் நடக்கும். முதலாவதில் உங்களுக்கு நட்டம், இரண்டாவதில் அவர்களுக்கு மனக்குறை.

ஒரு மட்டையில் நாலு கட்டம் கீறி, பிள்ளையின் கொப்பியில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் திகதியும் கையெழுத்தும். நாலு வகுப்புக்கு 5,000 ரூபா, முதல் வகுப்பன்று முற்பணமாக. நாலாவது கட்டம் நிரம்பியதும் பிள்ளையே வீட்டில் காட்டும். நீங்கள் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை. காசு கேட்கக் கூச்சப்படுபவர்களுக்கு இந்த மட்டை பெரிய துணை.

ஒரேயடியாக 5,000 கட்ட முடியாத வீட்டில் இரண்டு வகுப்புக்கு 2,500 என்று பிரியுங்கள். முற்பணம் என்பதை மட்டும் விடாதீர்கள். பின்னால் தருகிறோம் என்று போகும் காசு இரண்டு மாதம் சேர்ந்துவிட்டால், தரமுடியாத வெட்கத்தில் பிள்ளையை மறித்துவிடுவார்கள். காசும் போய், பிள்ளையின் படிப்பும் போய்விடும்.

நிற்கும் வகுப்புக்கான ஒழுங்கையும் அன்றே சொல்லுங்கள். மத்தியானத்துக்கு முன் அறிவித்தால் கட்டம் நிரப்புவதில்லை. போய் நின்ற பிறகு வகுப்பு இல்லை என்றால் அரைத் தொகை. கடும் மழைக்கும் சாவீட்டுக்கும் இந்த ஒழுங்கு கிடையாது. நீங்களாக நிற்பாட்டினால் அடுத்த கிழமை அரை மணித்தியாலம் கூட எடுங்கள், அப்போதுதான் ஒழுங்கு இரண்டு பக்கத்துக்கும் என்று தெரியும்.

11. முதல் நாலு வகுப்பையும் அளந்து எழுதுங்கள்

மேலே போட்டவை எல்லாம் மதிப்பீடு. உண்மை, நாலு வகுப்பு முடிந்த பிறகுதான் தெரியும். கொப்பியில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஐந்து எண் எழுதுங்கள்: ஆயத்தம் எத்தனை நிமிடம், புறப்பட்ட நேரம், வகுப்புத் தொடங்கிய நேரம், வீடு வந்த நேரம், திருத்த எத்தனை நிமிடம். நாலு வகுப்பின் மொத்தக் காசிலிருந்து மொத்தச் செலவைக் கழித்து, மொத்த மணித்தியாலத்தால் வகுங்கள்.

350 கிட்ட வந்தால் விலை சரி. 300க்குக் கீழே வந்தால், எந்த எண் மதிப்பீட்டைத் தாண்டியது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஆயத்தம் கூடியிருந்தால் சில மாதத்தில் தானாகக் குறையும், எழுதிய தாள்கள் அடுத்த பிள்ளைக்கும் உதவும், பொறுத்துப் பாருங்கள். வகுப்பு நீண்டுகொண்டே போயிருந்தால் அது குறையாது. "இன்னும் ஒரு கணக்கு" என்று ஒவ்வொரு முறையும் கால் மணித்தியாலம் கூட இருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஐம்பதாவது நிமிடத்தில் புதுக் கணக்குத் தொடங்காமல், வீட்டு வேலை எழுதிக்கொடுக்கத் தொடங்குங்கள்.

12. உயர்த்துவது எப்போது

பிள்ளை தரம் 11க்குப் போகும்போது உயர்த்தலாம். ஓ.எல். ஆண்டில் பாஸ் பேப்பர் திருத்த நேரம் உண்மையிலேயே கூடும், ஆகவே காரணம் கையில் இருக்கும். தவணை நடுவில் உயர்த்த வேண்டாம், சோதனைக்கு முந்திய மாதத்தில் ஒருபோதும் வேண்டாம். பெற்றோல் விலை ஏறியதென்று உடனே கேட்கவும் வேண்டாம்: லீற்றருக்கு 50 ரூபா ஏறினாலும் எங்கள் உதாரணச் சுற்றில் கூடுவது 15 ரூபாதான்.

அறிவிப்பை மட்டையில் மூன்றாவது கட்டம் நிரப்பும் நாளிலாவது சொல்லிவிடுங்கள், அடுத்த நாலு வகுப்பிலிருந்து புதுத் தொகை என்று. வட்ஸ்அப்பில் போட்டால் இவ்வளவு போதும்: "அன்ரி, மகன் தரம் 11 வந்திட்டார். இனிக் கிழமைக்கு ஒரு பேப்பர் செய்யவைச்சுத் திருத்தித் தரப்போறன். அடுத்த மட்டையில இருந்து வகுப்புக்கு 1,400. ஏலாட்டிச் சொல்லுங்கோ, பக்கத்துப் பிள்ளையோட சேத்து எடுக்கிற மாதிரிப் பாப்பம்."